இரவு ஷிப்டுக்குச் செய்தி போய்ச் சேருமா? திட்டப்பணியின் தகவல்தொடர்புத் திட்டத்தை உருவாக்கும் முறை

ஒரு திட்டப்பணி தொடங்கும்போது தயாராகும் ஆவணங்களில் தகவல்தொடர்புத் திட்டம் பெரும்பாலும் ஒரே பக்க அட்டவணையாக இருக்கும். தொடர்புடைய தரப்பினர் யார், அவர்களுக்குச் செல்ல வேண்டிய தகவல் என்ன, எத்தனை நாளுக்கு ஒருமுறை, எந்த வழியில் என்று நான்கு நெடுவரிசைகள். நிர்வாகக் குழுவுக்கு மாதம் ஒருமுறை மின்னஞ்சலில் நிலை அறிக்கை, பயனர்களுக்கு மாதம் ஒருமுறை மின்னஞ்சலில் செய்திமடல், திட்டக் குழுவுக்கு வாரம் ஒருமுறை கூட்டம் என்று அதை ஒரு மணி நேரத்தில் நிரப்பிவிடலாம். அப்படி நிரப்பப்பட்ட அட்டவணையை இரண்டாம் மாதத்துக்குப் பிறகு யாரும் திறந்து பார்ப்பதில்லை. திட்ட மேலாளரின் கையில் ஏற்கெனவே இருக்கும் அறிக்கைகளை யாருக்கு அனுப்பலாம் என்று யோசித்து நிரப்பியதால், பெறுபவருக்கு அந்தத் தகவலைக் கொண்டு செய்ய வேண்டியது எதுவும் இல்லாமல் போகிறது. செய்வதற்கு ஒன்றும் இல்லாத தகவலை மனிதர்கள் படிக்காமல் விடுவது இயல்புதான்.

அட்டவணையை எதிர்த் திசையிலிருந்து நிரப்ப வேண்டும் என்பதே இக்கட்டுரை சொல்ல வருவது. ஒவ்வொரு தரப்பும் எந்த நாளுக்குள் எந்த முடிவை எடுக்க வேண்டும், அல்லது எந்த நாளிலிருந்து எந்த வேலையை வேறு விதமாகச் செய்யத் தொடங்க வேண்டும் என்பதை முதலில் எழுதிவிட்டால், அவர்களுக்கு என்ன தெரிய வேண்டும், எப்போது தெரிய வேண்டும், எவ்வழியில் தெரிய வேண்டும் என்ற மூன்றுக்கும் விடை அதிலிருந்தே கிடைத்துவிடும். ஆகவே வழக்கமான நான்கு நெடுவரிசைகளுக்கு முன்னால் ஐந்தாவதாக ஒன்றைச் சேர்க்க வேண்டும்: இந்தத் தகவல் கிடைத்த பிறகு இவர் என்ன செய்ய வேண்டும், எந்தத் தேதிக்குள்? இந்தக் கட்டத்தை நிரப்ப முடியாத வரிசை எதுவோ, அது அட்டவணையில் இருக்க வேண்டிய வரிசையா என்று மறுபடி கேட்டுக்கொள்வது நல்லது.

இதை ஒரு எடுத்துக்காட்டை வைத்துப் பார்க்கலாம். ஒரு பெரிய மருத்துவமனை, தன் ஆய்வகத்தின் பழைய பதிவு மென்பொருளைக் கைவிட்டுப் புதியதற்கு மாறுகிறது என்று வைத்துக்கொள்வோம். பணி 9 மாதம் நடக்கிறது. ஒன்பதாம் மாதத்தில் ஒரு சனிக்கிழமை இரவு 10 மணிக்குப் பழையது நிறுத்தப்பட்டுப் புதியது இயங்கத் தொடங்குகிறது. இதுவரை செவிலியர் தாளில் கோரிக்கைச் சீட்டு எழுதி, இரத்தக் குழாயின்மேல் நோயாளியின் பெயரையும் எண்ணையும் கையால் எழுதி அனுப்பி வந்தார். இனி வார்டுக் கணினியில் பரிசோதனையைப் பதிவு செய்து, அங்கேயே அச்சாகும் பார்கோடு லேபிளைக் குழாயில் ஒட்டி அனுப்ப வேண்டும். ஆய்வகக் கருவி அந்தப் பார்கோட்டைப் படித்துத்தான் எந்தப் பரிசோதனை என்று அறிந்துகொள்ளும். லேபிள் இல்லாத குழாய் திரும்பிப் போகும். திரும்பிப் போனால் நோயாளியின் முடிவு தாமதமாகும்.

யார் பட்டியலில் இருக்க வேண்டும்

இந்த மருத்துவமனையில் யார் யார் தொடர்புடையவர்கள் என்று கேட்டால், உடனே நினைவுக்கு வருபவர்கள் மருத்துவ இயக்குநர், நிதித் துறைத் தலைவர், ஆய்வகத் தலைவர், கணினித் துறை, மென்பொருள் நிறுவனம் ஆகியோர். திட்டக் கூட்டங்களில் இவர்கள் அமர்ந்திருப்பதால் பெயர்கள் எளிதில் வந்துவிடுகின்றன. விடுபட்டுப் போகிறவர்கள் கூட்டத்துக்கு வராதவர்கள். இரவு ஷிப்டில் பணிபுரியும் ஆய்வக நுட்பவியலாளர்கள், குழாய்களை வார்டிலிருந்து ஆய்வகத்துக்கு எடுத்துச் செல்லும் உதவியாளர்கள், விடுப்பில் உள்ளவர்களுக்குப் பதிலாக வரும் தற்காலிகச் செவிலியர்கள், மாதிரிகளை அனுப்பி வைக்கும் வெளிச் சிறு மருத்துவமனைகள் ஆகியோர் இந்த வகையினர்.

தரப்பினரை வகைப்படுத்துவதற்குத் திட்ட மேலாண்மையில் அதிகம் பயன்படும் கருவி, ஆப்ரி மென்டலோவின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் அதிகார-அக்கறைக் கட்டம். ஒருவருக்குத் திட்டப்பணியின்மேல் எவ்வளவு அதிகாரம், எவ்வளவு அக்கறை என்ற இரண்டு அளவுகளில் அவரை நான்கு கட்டங்களில் ஒன்றில் வைக்கிறோம். இரண்டும் மிகுந்தவரோடு நெருக்கமாக இணைந்து செயல்பட வேண்டும். அதிகாரம் மட்டும் மிகுந்தவரைத் திருப்தியாக வைத்திருக்க வேண்டும். அக்கறை மட்டும் மிகுந்தவருக்குத் தகவல் தெரிவித்து வர வேண்டும். இரண்டும் குறைந்தவரைக் கவனித்து வந்தால் போதும் என்பது அதன் பரிந்துரை. எதிர்ப்பு எங்கிருந்து வரும், ஆதரவை எங்கே தேட வேண்டும் என்று கணிக்க இக்கட்டம் உதவுகிறது. ஆனால் தகவல்தொடர்புத் திட்டத்துக்கு அதை மட்டும் அடிப்படையாகக் கொண்டால் ஆபத்து இருக்கிறது. இரவு ஷிப்டு நுட்பவியலாளருக்குத் திட்டப்பணியின்மேல் எந்த அதிகாரமும் இல்லை. மாற்றம் வரும் வரை அதில் பெரிய அக்கறையும் இருக்காது. எனவே கட்டம் அவரை 'கவனித்து வந்தால் போதும்' என்ற மூலையில் தள்ளிவிடுகிறது. புதிய மென்பொருளை முதல் எட்டு மணி நேரம் இயக்கப்போகிறவர் அவர்தான்.

மிட்செல், ஏகிள், வுட் ஆகிய மூன்று ஆய்வாளர்கள் 1997இல் முன்வைத்த வகைப்பாடு, அதிகாரத்தோடு நியாயமான உரிமை, அவசரம் என்ற இரண்டையும் சேர்த்துக்கொண்டது. யாருடைய கோரிக்கை தாமதத்தைத் தாங்காது என்ற கேள்வியை அது எழுப்புவதால் நிலைமை சற்று மேம்படுகிறது. என் மதிப்பீட்டில், நடைமுறையில் இவ்விரண்டையும்விட எளிதான ஒரு சோதனை இருக்கிறது. மாற்றம் நடக்கும் நாளை மணி வாரியாக மனத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும். இரவு 10 மணிக்குப் பழைய மென்பொருள் நிற்கிறது, 10.20க்கு அவசரப் பிரிவிலிருந்து ஒரு குழாய் வருகிறது. அதை யார் கையில் எடுக்கிறார், யார் லேபிள் ஒட்டியிருக்க வேண்டும், கருவி படிக்காவிட்டால் யாரை அழைப்பார், முடிவை மருத்துவர் எந்தத் திரையில் பார்ப்பார்? இப்படி ஒரு குழாயின் பின்னாலேயே போனால் பட்டியலில் இல்லாத பெயர்கள் தாமாகவே வெளிப்படும். மேலே சொன்ன குழாய் எடுத்துச் செல்லும் உதவியாளர்கள் பட்டியலுக்குள் வருவது அப்படித்தான். லேபிள் இல்லாத குழாயை எடுத்துச் செல்லக் கூடாது என்று அவர்களுக்குச் சொல்லிவிட்டால், பிழை ஆய்வகத்தை அடையும் முன்பே வார்டில் நின்றுவிடும்.

செய்தியின் உள்ளடக்கம்

ஒரே மாற்றம் வெவ்வேறு தரப்புகளுக்கு வெவ்வேறு செய்தியாகிறது. மருத்துவ இயக்குநர் எடுக்க வேண்டிய முடிவு ஒன்றுதான்: குறித்த சனிக்கிழமை மாறுவதா, தள்ளிப்போடுவதா? அந்த முடிவுக்கு அவருக்குத் தேவையானவை, பழைய பதிவுகளைப் புதிய மென்பொருளுக்கு மாற்றிய ஒத்திகையின் முடிவு, பயிற்சி முடித்தவர்களின் விகிதம், தள்ளிப்போட்டால் ஏற்படும் செலவு, மாறிய பிறகு சிக்கல் வந்தால் பழையதற்குத் திரும்ப முடியுமா என்ற விடை ஆகியவை மட்டுமே. எத்தனை திரைகள் வடிவமைக்கப்பட்டன, எத்தனை கூட்டங்கள் நடந்தன என்பதெல்லாம் அவருடைய முடிவை இம்மியும் மாற்றாது. ஆனால் வழக்கமான மாத அறிக்கையில் பெரும்பகுதி இவற்றால்தான் நிரம்பியிருக்கிறது.

நிதித் துறைக்குத் தேவைப்படுவது வேறு. ஒவ்வொரு பரிசோதனைக்கும் புதிய குறியீடு வருவதால், கட்டணப் பட்டியல் தயாரிக்கும் மென்பொருளில் அக்குறியீடுகளை அவர்கள் முன்கூட்டியே ஏற்றியிருக்க வேண்டும். ஆகவே இறுதி செய்யப்பட்ட குறியீட்டுப் பட்டியல் அவர்களிடம் எந்தத் தேதியில் வந்து சேரும் என்பதுதான் அவர்களுக்கான செய்தி. அதை ஒருமுறை கொடுத்து, மாறினால் மாறியதை மட்டும் தெரிவித்தால் போதும்.

செவிலியருக்கான செய்தியைக் கொஞ்சம் அருகில் வைத்துப் பார்ப்பது பயனுள்ளது. பல திட்டப்பணிகளில் அது ஏறத்தாழ இப்படி எழுதப்படும்: "நமது மருத்துவமனை ஆய்வகச் சேவைகளை நவீனப்படுத்தும் முயற்சியின் ஒரு பகுதியாக விரைவில் புதிய மென்பொருள் அறிமுகப்படுத்தப்படவுள்ளது. அனைவரின் ஒத்துழைப்பையும் வேண்டுகிறோம்." இதைப் படித்த செவிலியர் நாளை வேறு விதமாகச் செய்ய வேண்டியது எதுவும் இதில் இல்லை. தேதியும் இல்லை. இதே செய்தி, செய்ய வேண்டிய வேலையிலிருந்து தொடங்கினால் இப்படி அமையும்:

"வரும் சனிக்கிழமை 14ஆம் தேதி இரவு 10 மணி முதல், தாளில் எழுதிய கோரிக்கைச் சீட்டை ஆய்வகம் ஏற்காது. வார்டுக் கணினியில் பரிசோதனையைப் பதிவு செய்து லேபிளை அச்சிடவும். நோயாளியின் பெயரைக் கேட்டுச் சரிபார்த்த பிறகு, படுக்கையருகிலேயே, லேபிளைக் குழாயின் நீளவாக்கில் ஒட்டவும். குழாயைச் சுற்றிக் குறுக்கே ஒட்டினால் கருவியால் படிக்க இயலாது; குழாய் திரும்பி வரும். லேபிள் அச்சாகாவிட்டால் ஆய்வக உதவி மேசையை அழைக்கவும்: உள்தொலைபேசி 2200."

இந்தச் செய்தியை எழுத வேண்டுமானால், லேபிளை எப்படி ஒட்டினால் கருவி படிக்கும் என்பது எழுதுபவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். உதவி மேசை என்று ஒன்று அந்த இரவில் உண்மையாகவே இயங்க வேண்டும். தாள் ஏற்கப்படாது என்பதில் ஆய்வகத் தலைவர் உறுதியாக இருக்க வேண்டும். தெளிவற்ற செய்திக்குப் பின்னால் பெரும்பாலும் இன்னும் எடுக்கப்படாத முடிவு ஒன்று ஒளிந்திருக்கிறது. செய்தியைத் தெளிவாக எழுத முயலும்போதுதான் அது தெரிய வருகிறது என்பதால், தரப்பு வாரியாகச் செய்திகளின் வரைவை மாற்ற நாளுக்கு மூன்று மாதம் முன்பே எழுதிப் பார்ப்பது திட்டப்பணியையே சோதித்துப் பார்க்கும் ஒரு வழியாகவும் ஆகிறது.

எத்தனை நாளுக்கு ஒருமுறை

கால இடைவெளியை 'வாரந்தோறும்', 'மாதந்தோறும்' என்று ஒன்பது மாதத்துக்கும் ஒரே சீராக எழுதிவிடுவது வழக்கம். ஆனால் தரப்பினரின் தேவை சீராக இருப்பதில்லை. முதல் ஐந்து மாதம் செவிலியர்கள் செய்ய வேண்டியது எதுவும் இல்லை. அந்த மாதங்களில் அவர்களுக்குத் திரும்பத் திரும்பச் செய்தி அனுப்பினால், இந்தத் திட்டப்பணியிலிருந்து வரும் செய்திகளைப் படிக்கத் தேவையில்லை என்ற பழக்கத்தை நாமே அவர்களுக்கு ஏற்படுத்தியவர்களாவோம். தொடக்கத்தில் ஒருமுறை, என்ன வரப்போகிறது, ஏறத்தாழ எப்போது, அடுத்த தகவல் எந்த மாதம் வரும் என்று சொல்லி நிறுத்திக்கொண்டு, சொன்ன மாதத்தில் தவறாமல் மறுபடி பேசுவதே போதும். மாற்ற நாளுக்கு ஆறு வாரம் முன்பு பயிற்சி அழைப்பு, இரண்டு வாரம் முன்பு மேலே கண்ட செய்தி, கடைசி மூன்று நாளும் ஒவ்வொரு ஷிப்டின் தொடக்கத்திலும் வாய்மொழி நினைவூட்டல் என்று நெருங்க நெருங்க இடைவெளி சுருங்க வேண்டும்.

தேதிகளைப் பின்னோக்கிக் கணக்கிட்டுத்தான் இதை முடிவு செய்ய முடியும். வெளி மருத்துவமனைகளுக்கு முன்பே அச்சிட்ட லேபிள் சுருள்கள் போய்ச் சேர ஒரு வாரம் ஆகும். பெற்றபின் அங்குள்ளவர்கள் பயன்படுத்திப் பார்க்க இன்னொரு வாரம் வேண்டும். எனவே மாற்ற நாளுக்குக் குறைந்தது இரண்டு வாரம் முன்பு சுருள்கள் அனுப்பப்பட வேண்டும். நாள் உறுதியாகாமல் அனுப்புவதில் பொருளில்லை என்பதால், மருத்துவ இயக்குநரின் முடிவு அதற்கும் முன்பே, மூன்று வாரம் இருக்கும்போது, எடுக்கப்பட வேண்டும். அப்படியானால் ஒத்திகையின் முடிவு நான்கு வாரத்துக்கு முன்பு அவர் மேசையில் இருக்க வேண்டும். 'மாதந்தோறும் முதல் திங்கட்கிழமை' என்று அவருடைய வரிசையில் எழுதியிருந்தால், அந்தத் திங்கட்கிழமை இந்தத் தேதிக்குப் பத்து நாள் பிந்தி வரவும் கூடும். அறிக்கை குறித்த நாளில் போயிருக்கும். ஆனால் முடிவுக்கு உதவும் காலம் கடந்திருக்கும்.

இன்னொரு கணக்கையும் இங்கே சொல்ல வேண்டும். n தரப்புகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளக்கூடிய தடங்களின் எண்ணிக்கை n(n−1)/2 என்ற சூத்திரத்தைத் திட்ட மேலாண்மைப் பாடங்களில் எல்லோரும் படிக்கிறார்கள். 8 தரப்புகள் என்றால் 28 தடங்கள். 12 ஆனால் 66. தேர்வுக் கேள்வியாக மட்டும் நினைவில் நிற்கும் இந்தச் சூத்திரத்தின் நடைமுறைப் பொருள், எட்டுத் தரப்புகளோடு இன்னும் நான்கு சேர்ந்தால் ஒரே விஷயம் நான்கு விதமாகப் பரவ 38 புதிய தடங்கள் திறக்கின்றன என்பதே. மாற்ற நாள் 14ஆம் தேதியா 21ஆம் தேதியா என்பதை மென்பொருள் நிறுவனத்தின் ஊழியர் ஒருவர் ஆய்வகத்தில் பேச்சுவாக்கில் சொல்லிவிட்டால், அதைத் திருத்த ஒரு வாரம் பிடிக்கும். ஆகவே அட்டவணையில் யார் சொல்வது என்பதும் ஒரு நெடுவரிசையாக இருக்க வேண்டும். தேதி பற்றி ஆய்வகத்துக்குச் சொல்பவர் ஆய்வகத் தலைவர் மட்டுமே; வெளி மருத்துவமனைகளுக்குச் சொல்பவர் மாதிரி வரவேற்புப் பிரிவின் பொறுப்பாளர் மட்டுமே. தன் நேரடி மேலாளரின் வாயிலிருந்து வரும் செய்திக்கு உள்ள எடை, முன்பின் அறியாத திட்ட அலுவலகத்தின் மின்னஞ்சலுக்கு இருக்காது என்பதும் இதற்கு ஒரு காரணம்.

எந்த வழியில்

அமெரிக்காவைச் சேர்ந்த திட்ட மேலாண்மை நிறுவனமான பிஎம்ஐ வெளியிடும் வழிகாட்டி, தகவல் செல்லும் வழிகளை மூன்றாகப் பிரிக்கிறது. கூட்டம், தொலைபேசி போல இரு தரப்பும் உடனுக்குடன் பேசிக்கொள்வது ஒன்று. மின்னஞ்சல், சுற்றறிக்கை போல அனுப்பிவிடுவது இரண்டாவது. இணையப் பக்கத்தில் வைத்துவிட்டு, வேண்டியவர் வந்து எடுத்துக்கொள்ளும்படி விடுவது மூன்றாவது. அனுப்பிய செய்தி கிடைத்தது என்பதற்கோ புரிந்தது என்பதற்கோ இரண்டாவது வழியில் உறுதி இல்லை. மூன்றாவதில், தேடி வரும் எண்ணம் இல்லாதவருக்குச் செய்தி எட்டுவதே இல்லை.

எந்தச் செய்திக்கு எந்த வழி என்பதில் டாஃப்ட், லெங்கல் இருவரும் 1986இல் எழுதிய ஊடகச் செறிவுக் கோட்பாடு இன்றும் பயன்படுகிறது. ஒரு செய்தியை இரண்டு மூன்று விதமாகப் புரிந்துகொள்ள இடமிருந்தால், முகம் பார்த்துப் பேசி, கேள்வி கேட்டு, அங்கேயே தெளிவுபடுத்திக்கொள்ளும் வழி தேவை. பொருள் மாறுபடாத வழக்கமான தகவலுக்கு எழுத்தே போதும், அதற்குக் கூட்டம் கூட்டுவது வீண். நிதித் துறைக்கான குறியீட்டுப் பட்டியலைக் கோப்பாக அனுப்பிவிடலாம். 'ஒத்திகையில் சில பதிவுகள் பொருந்தவில்லை' என்பதை இயக்குநருக்குக் கோப்பாக மட்டும் அனுப்பக் கூடாது. அவர் அதை அற்பமாகவும் எடுத்துக்கொள்ளலாம், பேரிடராகவும் எடுத்துக்கொள்ளலாம்.

இவற்றுக்கு மேல், பெறுபவர் வேலை நேரத்தில் எங்கே நிற்கிறார் என்ற எளிய கேள்வியே பெரும்பாலும் வழியைத் தீர்மானிக்கிறது. வார்டுச் செவிலியர் எல்லோருக்கும் நிறுவன மின்னஞ்சல் முகவரி இருக்கலாம். பணி நேரத்தில் அதைத் திறக்க அவருக்கு இடமும் நேரமும் இல்லை. ஆனால் ஒவ்வொரு ஷிப்டு மாறும்போதும் பணி ஒப்படைப்புக்காக எல்லோரும் ஓரிடத்தில் சில நிமிடம் நிற்கிறார்கள். அந்த நேரத்தில் பொறுப்புச் செவிலியர் படித்துக் காட்டும் ஐந்து வரி, மூன்று மின்னஞ்சல்களைவிட அதிகம் பேரை எட்டும். லேபிளை ஒட்டும் முறையைக் காட்டும் படம் லேபிள் அச்சுக் கருவியின்மேலேயே ஒட்டப்பட்டிருந்தால், தற்காலிகமாக வந்த செவிலியருக்கும் அது எட்டும். வெளி மருத்துவமனைகளைப் பொறுத்தவரை, பொது முகவரிக்குப் போகும் மின்னஞ்சல் அங்குள்ள வரவேற்பாளரின் பெட்டியில் நின்றுவிடும். தினமும் மாதிரிகளை வாங்கி வரச் செல்லும் வண்டி ஓட்டுநரிடம் அச்சிட்ட தாளையும் லேபிள் சுருளையும் கொடுத்து, மாதிரியைத் தருபவரிடமே சேர்ப்பித்துக் கையொப்பம் வாங்கிவரச் சொல்வது அதைவிட நம்பகமான வழி.

கெட்ட செய்திக்கு ஒரு தனி வரிசை

பெரும்பாலான தகவல்தொடர்புத் திட்டங்கள் மேலிருந்து கீழும், திட்டக் குழுவிலிருந்து வெளியேயும் செல்லும் தகவலை மட்டுமே விவரிக்கின்றன. கீழிருந்து மேலே வர வேண்டிய கெட்ட செய்திக்கு வரிசையே இருப்பதில்லை. அது எவ்வளவு பெரிய குறை என்பதற்கு 1986 ஜனவரி 28 அன்று நடந்த சேலஞ்சர் விண்ஓட விபத்து சான்று. முந்தைய நாள் மாலை நடந்த தொலைபேசிக் கலந்தாய்வில், உந்துகலத்தைத் தயாரித்த ஒப்பந்த நிறுவனத்தின் பொறியாளர்கள், குளிரில் இணைப்பு வளையங்கள் சரியாக அடைக்காமல் போகலாம் என்று கூறி, 53 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே ஏவ வேண்டாம் என்று பரிந்துரைத்தார்கள். பின்னர் அந்நிறுவனத்தின் நிர்வாகம் பரிந்துரையை மாற்றிக்கொண்டது. ஏவுதலை இறுதியாக முடிவு செய்த உயர் அதிகாரிகளுக்கு, தொடக்கத்தில் எழுத்தில் வந்த பரிந்துரையும் தெரியாது, பொறியாளர்கள் தொடர்ந்து எதிர்த்தார்கள் என்பதும் தெரியாது என்று விசாரணைக் குழு பதிவு செய்தது. ஏழு பேர் உயிரிழந்தார்கள். தகவல் இருந்தது, அது பல படிகளைத் தாண்ட வேண்டியிருந்தது, எந்த அளவுக்கு மேல் போனால் எந்தப் படியையும் தாண்டி நேரே மேலே போக வேண்டும் என்பது கட்டாயமாக இருக்கவில்லை.

பிரிட்டனில் உருவான பிரின்ஸ்2 முறை இதற்கு ஒரு நல்ல ஏற்பாட்டை வைத்திருக்கிறது. காலம், செலவு, தரம் போன்றவற்றில் எவ்வளவு விலகலைத் திட்ட மேலாளரே சமாளிக்கலாம் என்ற எல்லை முன்பே வகுக்கப்படுகிறது. அந்த எல்லை மீறப்படும் என்று கணிக்கப்பட்ட உடனே, அடுத்த வழக்கமான அறிக்கைக்குக் காத்திராமல், தனி அறிக்கையாக அது மேலே போக வேண்டும். மீறிய பிறகு சொல்வது அல்ல, மீறப்போகிறது என்று தெரிந்ததும் சொல்வது என்பதே இதில் கவனிக்க வேண்டியது.

நம் மருத்துவமனையில் இதை எப்படி எழுதலாம்? ஒத்திகையில் 1,000 பதிவுகளை எடுத்துச் சரிபார்க்கும்போது, ஒரு நோயாளியின் முடிவு இன்னொருவர் பெயரில் வந்த பதிவு ஒன்று இருந்தாலும், அதைக் கண்டவர் அன்றே ஆய்வகத் தலைவருக்கும் திட்ட மேலாளருக்கும் ஒரே நேரத்தில் தொலைபேசியில் சொல்ல வேண்டும்; 24 மணி நேரத்துக்குள் மருத்துவ இயக்குநருக்கு எழுத்தில் போக வேண்டும். தேதி வடிவம் மாறியது, எழுத்து உடைந்தது போன்ற மற்றப் பிழைகள் 1,000க்கு 5 வரை இருந்தால் கணினித் துறையும் மென்பொருள் நிறுவனமும் தீர்த்துக்கொள்ளலாம். 5ஐத் தாண்டினால் இரண்டு வேலை நாளுக்குள் மேலே போக வேண்டும். இரண்டு பேருக்கு ஒரே நேரத்தில் சொல்ல வேண்டும் என்பதை வேண்டுமென்றே சேர்த்திருக்கிறேன். ஒருவரிடம் மட்டும் சொன்னால், அவர் நல்லெண்ணத்தோடேயே 'முதலில் நாமே சரிசெய்து பார்ப்போம்' என்று வைத்துக்கொள்ள இடமிருக்கிறது.

இந்த வரிசை இல்லாத திட்டப்பணியை அடையாளம் காணும் வழி ஒன்று உண்டு. நிலை அறிக்கைகளைத் தேதி வாரியாக அடுக்கி, பணியின் நிலையைக் காட்ட அவற்றில் இடும் நிறத்தைப் பார்த்தால், எல்லாம் பச்சை, பச்சை, பச்சை என்று வந்து, மாற்ற நாளுக்கு இரண்டு மூன்று வாரம் இருக்கும்போது திடீரெனச் சிவப்பாகும். நடுவில் மஞ்சளே இருக்காது. ஒன்பது மாதப் பணியில் ஒருமுறைகூட மஞ்சள் வராததற்குக் காரணம் பணி சிக்கலின்றி நடந்ததாக இருப்பது அரிது. மஞ்சள் என்று எப்போது எழுத வேண்டும் என்பதற்கு அளவு இல்லாததால், எழுதுபவரின் துணிச்சலைப் பொறுத்தே அது அமைந்திருக்கும்.

போய்ச் சேர்ந்ததா என்று அறிதல்

மின்னஞ்சல் திறக்கப்பட்டதைக் காட்டும் எண்ணிக்கையும், கூட்டத்துக்கு வந்தோரின் கையொப்பப் பட்டியலும், செய்தி புரிந்தது என்பதற்குச் சான்றாகாது. திறப்பதைக் காட்டும் கருவிகள் பல வேளைகளில் தவறாகவும் கணக்கிடுகின்றன. நம்பகமான சான்று, பெறுபவர் செய்ய வேண்டியதைச் செய்கிறாரா என்பதே. ஐந்தாவது நெடுவரிசையை முதலில் நிரப்பியதன் பயன் இங்கே மறுபடி கிடைக்கிறது. என்ன செய்ய வேண்டும் என்று எழுதியிருப்பதால் எதைச் சோதிக்க வேண்டும் என்பதும் தெரியும்.

வெளி மருத்துவமனைகளை எடுத்துக்கொள்வோம். 60 இடங்களிலிருந்து மாதிரிகள் வருகின்றன என்றால், மாற்ற நாளுக்கு முந்தைய வாரத்தில் ஒவ்வோர் இடமும் புதிய லேபிள் ஒட்டிய ஒரு வெற்றுக் குழாயையாவது அனுப்ப வேண்டும் என்று கேட்டுக்கொள்ளலாம். புதன்கிழமை வரை 41 இடங்களிலிருந்து வந்திருந்தால், மீதம் 19 இடங்களுக்கும் அன்றே தொலைபேசியில் அழைத்துப் பேச வேண்டும். எல்லோருக்கும் மீண்டும் ஒரு மின்னஞ்சல் அனுப்புவதால் அந்த 19 குறையாது. வந்த குழாய்களிலும் எத்தனை குறுக்கே ஒட்டப்பட்டவை என்று பார்த்தால், படம் புரிந்ததா என்பதும் தெரிந்துவிடும்.

வார்டுகளில், ஷிப்டு மாறும் நேரத்தில் போய் நின்று யாராவது இருவரிடம் இரண்டு கேள்வி கேட்டால் போதும்: தாள் எப்போது நிற்கிறது, லேபிள் வராவிட்டால் யாரை அழைப்பீர்கள்? பகல் ஷிப்டில் எல்லோரும் சரியாகச் சொல்லி, இரவு ஷிப்டில் பாதிப் பேர் தயங்கினால், குறை செய்தியில் இல்லை. அது அந்த ஷிப்டுக்குப் போகும் வழியில் இருக்கிறது. வார இறுதி இரவுகளில் பொறுப்புச் செவிலியர் இல்லாமல் மூத்தவர் ஒருவரே கவனித்துக்கொள்கிறார், அவரிடம் யாரும் தாளைக் கொடுக்கவில்லை என்பது போன்ற சிறு காரணமாக அது இருக்கலாம். அட்டவணையில் அந்த ஒரு கட்டத்தைத் திருத்தினால் போதும்.

திருத்துவதற்கு உரிய நேரங்கள் வேறு சிலவும் உண்டு. ஒரு தரப்பில் பொறுப்பாளர் மாறினால், புதியவர் பழைய செய்திகள் எதையும் அறியாதவர் என்று கொண்டு அந்த வரிசையை முதலிலிருந்து தொடங்க வேண்டும். மாற்ற நாள் தள்ளிப்போனால், பின்னோக்கிக் கணக்கிட்ட தேதிகள் அனைத்தும் நகர்கின்றன. அப்போது முதலில் செல்ல வேண்டிய செய்தி, 14ஆம் தேதி இல்லை என்பது. புதிய தேதி இன்னும் முடிவாகவில்லை என்பதற்காக இதைத் தாமதப்படுத்தினால், லேபிள் சுருள் கையில் உள்ள வெளி மருத்துவமனைகள் சொன்னபடியே 14ஆம் தேதி லேபிள் ஒட்டி அனுப்பத் தொடங்கிவிடும்; அதைப் படிக்கும் மென்பொருள் ஆய்வகத்தில் இருக்காது.

மாறிய பிறகும் அட்டவணை உடனே முடிந்துவிடுவதில்லை. முதல் வாரம் ஒவ்வொரு ஷிப்டின் முடிவிலும், திரும்பிப் போன குழாய்களின் எண்ணிக்கை வார்டு வாரியாகப் பொறுப்புச் செவிலியர்களுக்கும் ஆய்வகத் தலைவருக்கும் போக வேண்டும்; இரண்டாம் வாரத்திலிருந்து நாளுக்கு ஒருமுறை; எண்ணிக்கை தொடர்ந்து ஒரு வாரம் பழைய நிலைக்கு மிகாமல் இருந்தால், வாரத்துக்கு ஒருமுறை. உதவி மேசையின் எண் எந்தத் தேதியோடு மூடப்படும், அதன் பிறகு லேபிள் அச்சாகாவிட்டால் கணினித் துறையின் எந்த எண்ணை அழைக்க வேண்டும் என்பதை, அந்தத் தேதிக்கு ஒரு வாரம் முன்பே, பழைய செய்தி சென்ற அதே பணி ஒப்படைப்பு நேரத்தில் சொல்லி, அச்சுக் கருவிகளின்மேல் ஒட்டிய படத்திலும் எண்ணை மாற்ற வேண்டும்.